வலக்காதின் கோடு யாருடையது?

ஐதராபாத்தில் ஒலியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தமிழ் மாணவி ஒருவர், தம் சோதனைக்குத் தாமே முதல் கேட்பாளராக அமர்ந்தார். குறிலையும் நெடிலையும் கேட்பவர்கள் எத்தனை மில்லிநொடி வேறுபாட்டில் பிரித்தறிகிறார்கள் என்பது ஆய்வுப்பொருள். இத்தகைய சோதனைகளில் கேட்பாளரின் செவித்திறனை முதலில் சரிபார்ப்பது வழக்கம். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே, 20 டெசிபல் ஒலி தரப்படும். கேட்டால் கையை உயர்த்த வேண்டும். இடக்காது நான்கிலும் தேறியது. வலக்காது ஒன்றில்கூடத் தேறவில்லை.

இயர்போனில் பழுது என்றே அவர் முதலில் நினைத்தார். இரு பக்கத்தையும் மாற்றி மாட்டிப் பார்த்தார். பழுதென்று நினைத்த பக்கம் இடக்காதில் தெளிவாக ஒலித்தது. பிறருடைய பேச்சொலிகளை ஐந்தாண்டுகளாக அளந்து வந்தவருக்குத் தம் காதைப் பற்றிய முதல் தகவல் அப்போதுதான் கிடைத்தது. தொலைபேசியை எப்போதும் இடப்பக்கம் வைத்துப் பேசுவதையும், கருத்தரங்க அறையில் வலப்பக்கச் சுவரோரம் இருக்கை தேடுவதையும், சாலையில் ஹாரன் ஒலித்தால் எத்திசையிலிருந்து என்று அறியாமல் இருபுறமும் திரும்பிப் பார்ப்பதையும் அவர் அதுவரை தம் இயல்பு என்றே எண்ணியிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த தாளைப் பற்றியே இக்கட்டுரை. அத்தாளில் இருந்த ஒவ்வோர் எண்ணும் முறையாக அளக்கப்பட்ட எண்தான். ஆயினும் அது சொன்ன செய்தி முழுத் தவறு.

ஆடியோகிராமை முதன்முறை பார்ப்பவரைக் குழப்புவது அதன் செங்குத்து அச்சு. கிடை அச்சில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் ஏறுகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தையதன் இருமடங்கு, அதாவது ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்தாயி. செங்குத்து அச்சில் டெசிபல் மேலிருந்து கீழாகக் கூடுகிறது. ஆகவே கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பதற்குக் கூடுதல் ஒலி தேவைப்படுகிறது என்று பொருள். உச்சியில் உள்ள பூச்சியம் ஒலியே இல்லாத நிலையன்று. காது நலமுள்ள இளையோர் பலர் மிக மெல்லியதாகக் கேட்கும் ஒலியின் சராசரி அது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அந்தச் சராசரி தனித்தனியே பூச்சியமாக்கப்பட்டுள்ளது. அதனால்தான் பூச்சியத்திற்கும் மேலே, கழித்தல் 5 என்று காட்டும் காதுகளும் உண்டு. இது சதவீதக் கணக்கும் அன்று. “எத்தனை சதவீதம் போச்சு?” என்று நோயாளிகள் கேட்பதும், சிலர் டெசிபல் எண்ணையே சதவீதமாகச் சொல்லி அனுப்பிவிடுவதும் அன்றாடம் நடப்பவை. 60 டெசிபல் என்றால் அறுபது விழுக்காடு செவிடு என்று பொருளாகாது.

கேட்புவரம்பைக் காணும் முறை எளியது. கேட்டால் ஒலியைப் பத்து டெசிபல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் ஐந்து டெசிபல் கூட்டுவார்கள். இப்படி ஏறி இறங்கி, ஏறும்போது தந்த தடவைகளில் பாதியேனும் கை உயர்கிற மிகக் குறைந்த அளவே அந்த அதிர்வெண்ணில் அக்காதின் வரம்பு. இயர்போன் வழியாக இவ்வாறு அளந்தால் அது காற்றுவழிக் கேட்பு. ஒலி புறச்செவி, செவிப்பறை, நடுச்செவியின் சிற்றெலும்புகள், உட்செவியின் காக்ளியா, செவிநரம்பு என்று முழுப் பாதையையும் கடந்து வருகிறது. பிறகு காதின் பின்புற எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து மீண்டும் அளப்பார்கள். இது எலும்புவழிக் கேட்பு. மண்டையோடே அதிர்வதால் ஒலி புறச்செவியையும் நடுச்செவியையும் பெரும்பாலும் தவிர்த்துக் காக்ளியாவை நேரே எட்டுகிறது.

வகையைத் தீர்மானிப்பது இவ்விரு கோடுகளின் உறவு. எலும்புவழிக் கோடு மேலே இயல்பாக இருந்து, காற்றுவழிக் கோடு மட்டும் கீழே கிடந்தால், உட்செவி நன்றாக இருக்கிறது, ஒலியை அதனிடம் கொண்டுசேர்க்கும் பாதையில்தான் தடை. இது கடத்தல் வகைக் குறைபாடு. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே கீழே கிடந்தால் பழுது காக்ளியாவிலோ நரம்பிலோ இருக்கிறது. இது உணர்நரம்பு வகை. இரண்டும் கீழே இருந்து, அவற்றுக்கிடையிலும் இடைவெளி இருந்தால் கலப்பு வகை. அளவைத் தீர்மானிப்பது காற்றுவழிக் கோட்டின் சராசரி. பேச்சுக்கு இன்றியமையாத 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரம்புகளைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். பரவலாக வழங்கும் ஒரு பகுப்பில் 26 முதல் 40 வரை லேசானது, 41 முதல் 55 வரை மிதமானது, 56 முதல் 70 வரை மிதத்திற்கும் கடுமைக்கும் இடைப்பட்டது, 71 முதல் 90 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது.

இனி அந்தத் தாள். இடக்காதின் காற்றுவழி வரம்புகள் 500 முதல் 4000 வரை நான்கு இடங்களிலும் முறையே 10, 5, 5, 10. குறை சொல்ல ஒன்றுமில்லை. வலக்காதில் அவை 55, 60, 60, 65. முதல் மூன்றின் சராசரி ஏறத்தாழ 58. வலப்பக்க எலும்புவழி வரம்புகளோ 5, 5, 5, 10. இரு கோடுகளுக்கும் இடையே 50 முதல் 55 டெசிபல் வரை இடைவெளி. கீழே எழுதப்பட்டிருந்த முடிவு: வலக்காதில் மிதத்திற்கும் கடுமைக்கும் இடைப்பட்ட கடத்தல் வகைக் குறைபாடு, இடக்காது இயல்பு.

மேலே சொன்ன விதிகளைக் கொண்டு பார்த்தால் இம்முடிவில் பிழை காண முடியாது. காது மருத்துவரும் அப்படியே கொண்டார். செவிப்பறையில் துளையில்லை, சீழில்லை, பார்வைக்கு எல்லாம் சரி. அப்படியானால் தடை செவிப்பறைக்குப் பின்னே இருக்க வேண்டும். சிற்றெலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற நோய் இளம்பெண்களிடம் காணப்படுவதே. அறுவையில் திறந்து பார்த்து, இறுகியிருந்தால் அங்கவடிக்குப் பதிலாகச் செயற்கைத் தண்டு வைத்துவிடலாம், கேட்பு பெருமளவு திரும்பிவிடும் என்றார். நாளும் குறிக்கப்பட்டது. மருத்துவரின் தருக்கத்தில் ஓட்டையில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கோட்டில்தான் இருந்தது.

ஆய்வாளரின் நெறியாளர் வேறொருவரிடமும் ஒருமுறை காட்டிவிடச் சொன்னார். அப்படித்தான் அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு செவித்திறன் வல்லுநரிடம் போய்ச் சேர்ந்தார். மைசூரில் படித்தவர். 1965இல் மைய அரசு பேச்சுக்கும் செவிப்புலனுக்குமென்றே நிறுவிய நிறுவனம் அங்கே இருக்கிறது. அத்துறையில் இந்தியாவில் பணியாற்றும் பலருடைய படிப்பின் வேர் அங்கேதான்.

பெரியவர் எண்களைப் படிக்கவில்லை, குறிகளைப் பார்த்தார். வலக்காதின் காற்றுவழி வரம்புகள் சிவப்பு வட்டங்களாக இருந்தன. எலும்புவழி வரம்புகள் < என்ற கோணக்குறியாக இருந்தன. முக்கோணமும் இல்லை, [ என்ற சதுர அடைப்புக்குறியும் இல்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, “சோதனை நடந்தபோது இன்னொரு காதில் இரைச்சல் போட்டார்களா, அம்மா?” என்று கேட்டார்.

“இல்லை, சார். ஒலி மட்டும்தான் கேட்டது.”

“எந்தக் காதில் கேட்டது?”

ஆய்வாளர் சற்றுத் தயங்கினார். யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள், அவரும் உயர்த்தினார்.

பெரியவர் மேசை இழுப்பறையிலிருந்து 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எடுத்து, முழங்கையில் தட்டி, அதன் அடியை அவருடைய நெற்றியின் நடுவில் வைத்தார். “இப்போது எந்தப் பக்கம் கேட்கிறது?” ஆய்வாளர் தயங்காமல் இடக்காதைத் தொட்டார்.

அந்த ஒரு கைச்சைகையோடு அறுவைக்கான காரணம் ஆட்டம் கண்டது. நெற்றியில் வைத்த கவை இரு காக்ளியாக்களையும் ஒருங்கே அதிர்விக்கிறது. வலக்காதில் கடத்தல் தடை இருந்தால் ஒலி அந்தப் பழுதான காதிலேயே உரக்கக் கேட்க வேண்டும். சுட்டுவிரலால் ஒரு காதை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தால் யாரும் இதை உணரலாம். முனகல் மூடிய காதுக்கே போகும். மாறாக, வலப்பக்க உட்செவி பழுதென்றால் ஒலி நல்ல காதுக்குப் போகும். ஆய்வாளரின் ஒலி நல்ல காதுக்குப் போயிற்று. தாள் ஒன்றைச் சொல்கிறது, கவை அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. நூறாண்டுக்கு மேல் பழைமையான இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கருவிகள் பெருகிய பிறகு அதைச் செய்வோர் குறைந்துபோனது வருத்தத்திற்குரியது.

பெரியவர் பின்பு விளக்கியதன் சாரம் இது. மண்டையோடு ஒரே எலும்புக்கூடு. வலக்காதின் பின்னே வைத்த அதிர்வி வலப்பக்கக் காக்ளியாவை மட்டும் அதிர்விப்பதில்லை, இடப்பக்கத்தையும் ஏறத்தாழ அதே வலிமையோடு அதிர்விக்கிறது. குறுக்கே கடக்கையில் ஒலி இழப்பது பூச்சியம் என்றே கணக்கிட வேண்டும். ஆகவே மறைப்பொலி இல்லாமல் அளந்த எலும்புவழி வரம்பு இரு காக்ளியாக்களில் நல்லது எதுவோ அதனுடையது. அதிர்வி எந்தப் பக்கம் வைக்கப்பட்டது என்பது அங்கே பொருட்டன்று. வலப்பக்கம் 5 என்று எழுதியிருந்த எண் இடக்காதுடையதாகவே இருக்கலாம்.

இது பலரும் அறிந்தது. பலர் மறப்பது அடுத்த படி. இயர்போனில் தரும் ஒலியும் குறுக்கே கடக்கிறது. காதின் மேல் அழுந்தி அமரும் கப்பு வடிவ இயர்போன், ஒலி போதிய அளவு உரத்தால், மண்டையோட்டையே அதிர்விக்கத் தொடங்குகிறது. கடப்பதற்குள் ஒலி குறைந்தது 40 டெசிபல் இழக்கிறது. பெரும்பாலானோரிடம் இழப்பு 50, 60 என்று இன்னும் கூடுதல். இப்போது வலக்காது முற்றிலும் இறந்துவிட்டது என்று கொள்வோம். அதில் 20 டெசிபல் ஒலி தந்தால் ஒன்றும் கேட்காது. 40 தந்தாலும் கேட்காது. 60 தரும்போது, வழியில் 55 இழந்து, மிச்சம் 5 இடப்பக்கக் காக்ளியாவை எட்டுகிறது. அதன் வரம்பு 5 அல்லவா? கை உயர்கிறது. வலக்காதின் வரம்பு 60 என்று தாளில் வட்டம் விழுகிறது.

அந்த வட்டங்களை மீண்டும் பார்த்தால் இது புலப்படும். வலக்காதின் 55, 60, 60, 65 என்ற எண்களிலிருந்து, நல்ல காக்ளியாவின் 5, 5, 5, 10 என்ற எண்களைக் கழித்தால் 50, 55, 55, 55 என வருகிறது. மண்டையோட்டைக் கடக்க ஆகும் இழப்பு அது. தாளில் வலக்காதுக்கென்று வரைந்திருந்த கோடு, இடக்காதின் கோட்டை ஐம்பது சொச்சம் டெசிபல் கீழே இறக்கி வைத்த நகல். இத்துறையில் இதை நிழற்கோடு என்பார்கள். காற்றுவழியும் நிழல், எலும்புவழியும் நிழல். இரண்டு நிழல்களுக்கு இடையே உள்ள தொலைவே தாளில் கடத்தல் வகைக் குறைபாடாகத் தோன்றியது. கேட்கவே கேட்காத ஒரு காது, அறுவையால் திருத்தக்கூடிய காதைப் போல வேடமிட்டு நின்றது. கடத்தல் தடையால் மட்டும் நேரும் இழப்பு ஏறத்தாழ 60 டெசிபலைத் தாண்டுவதில்லை என்பதும், நிழற்கோடு பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே விழுவதும் இந்த வேடத்தை இன்னும் நம்பத்தக்கதாக்குகின்றன.

ஐயம் எழ வேண்டிய இடம் அத்தாளிலேயே இருந்தது. சோதிக்கும் காதின் காற்றுவழி வரம்பிலிருந்து மறுகாதின் எலும்புவழி வரம்பைக் கழித்தால் 40 அல்லது அதற்கு மேல் வருமானால், மறுகாதில் இரைச்சல் தராமல் எடுத்த அளவை ஏற்கக் கூடாது. இங்கே 60 கழித்தல் 5, ஐம்பத்தைந்து. எலும்புவழிக்கு விதி இன்னும் கடுமையானது. ஒரே காதின் இரு கோடுகளுக்கும் இடையே 10 டெசிபலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலே மறைப்பொலி தேவை. ஆய்வுக்கூடத்தின் 20 டெசிபல் சோதனைக்கு மறைப்பொலி தேவைப்படாததற்கும் இதுவே காரணம். 20 டெசிபல் ஒலி மறுபக்கம் கடக்க வலுவற்றது. அதனால்தான் அந்த எளிய சோதனை உண்மையைச் சொல்லிற்று, விரிவான சோதனை பொய்த்தது.

பெரியவர் முதலில் இயர்போனை மாற்றினார். காதுத்துளைக்குள் நுரைச்செருகியோடு நுழையும் வகையைப் பொருத்தினார். அது மண்டையோட்டை மிகக் குறைவாகவே அதிர்விக்கும். 1000 ஹெர்ட்ஸில் முன்பு 60இல் கேட்ட ஒலி இப்போது 75 வரை கேட்கவில்லை. இயர்போனை மாற்றினால் ஒரு காதின் வரம்பு பதினைந்து டெசிபல் மாறாது. மாறியது கடக்கும் பாதை மட்டுமே.

பிறகு பழைய கப்பு இயர்போனுக்கே திரும்பி மறைப்பொலிச் சோதனையைத் தொடங்கினார். இடக்காதில், சோதிக்கும் அதிர்வெண்ணைச் சூழ்ந்த குறுகிய பட்டை இரைச்சல். வலக்காதில், 1000 ஹெர்ட்ஸ் ஒலி 60இல். “இடப்பக்கம் காற்று வீசுவதுபோல் கேட்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பீப் கேட்டால் மட்டும் கையை உயர்த்துங்கள்” என்றார். இரைச்சல் 15. ஒலி மறைந்தது. 70க்கு ஏற்றினார், கேட்டது. இரைச்சல் 25. மீண்டும் மறைந்தது. 80இல் கேட்டது. இரைச்சல் 35 ஆனபோது ஒலி 90 தேவைப்பட்டது. 45க்கு 100. 55க்கு 110. இரைச்சல் 65ஐ எட்டியபோது, கருவியின் எல்லையான 120இலும் கை உயரவில்லை.

இந்த ஏற்றத்தில்தான் தீர்ப்பு இருக்கிறது. வலக்காது தானே 60இல் கேட்டிருந்தால், இடக்காதில் இரைச்சல் ஏற ஏறவும் அதன் வரம்பு 60இலேயே நிலைத்திருக்கும். ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் அந்தச் சமதளத்தைத் தேடுவதே மறைப்பொலிச் சோதனையின் வேலை. இங்கே சமதளம் இல்லை. இரைச்சல் பத்து ஏறினால் ஒலியும் பத்து ஏற வேண்டியிருந்தது. அதாவது ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தது இரைச்சலோடு போராடிய காதே. எலும்புவழியிலும் இதே துரத்தல் நடந்தது. இரைச்சல் 25, 35, 45 என ஏறியதற்கேற்ப வரம்பும் உடன் ஏறி, அதிர்வியின் எல்லையான 70இல் விடையின்றி முடிந்தது.

மறைப்பொலி தானே புதிய பிழையையும் உண்டாக்கக்கூடும் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. இரைச்சல் அளவுக்கு மீறினால் அதுவும் மண்டையோட்டைக் கடந்து சோதிக்கும் காதுக்குள் புகுந்து, நன்றாகக் கேட்கும் காதையும் செவிடாகக் காட்டிவிடும். அப்படி நேர்ந்ததா என்பதையும் எண்களே சொல்லும். இடக்காதின் 65 டெசிபல் இரைச்சல், 55 இழந்து, வலப்பக்கம் 10 ஆகத்தான் சேர்ந்திருக்க முடியும். 120இல் தரப்பட்ட ஒலியை அந்தப் பத்து மறைத்திருக்க இயலாது. இரு காதுகளிலும் பெரிய கடத்தல் தடை உள்ளவர்களிடம் இந்த இடமே அகப்படாது. போதிய இரைச்சல் என்பதே மிகுதியான இரைச்சலாகிவிடும். அங்கே மறைப்பொலி முடிவு சொல்ல இயலாமல் நின்றுவிடுகிறது.

கையை உயர்த்துவது கேட்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஆகவே பெரியவர் அதைச் சாராத ஒரு சான்றையும் எடுத்தார். வலக்காதின் துளையை மெல்லிய முனையால் அடைத்து, காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளந்தார். மலைமுகடு போன்ற இயல்பான வரைபடம் வந்தது. இது மட்டும் போதாது, ஓட்டோஸ்கிளிரோசிஸிலும் இப்படி வரக்கூடும். அடுத்து, முனை வலக்காதிலேயே இருக்க, இடக்காதில் உரத்த ஒலி தந்தார். உரத்த ஒலி எந்தக் காதில் விழுந்தாலும் இரு நடுச்செவிகளிலும் ஒரு சிறு தசை சுருங்குவது இயற்கை. வலக்காதின் நடுச்செவி சுருங்கியது, கருவியின் ஊசி துடித்தது. அங்கவடி இறுகியிருந்தால் அந்தத் துடிப்பு தெரிந்திருக்காது. பின்னர் ஒலியை வலக்காதில் தந்தபோது இரு பக்கமும் ஒன்றும் அசையவில்லை. நடுச்செவி நலம், அதற்கு அப்பால் உணர்வில்லை.

புதிய தாளில் சிவப்பு முக்கோணங்கள் 110க்கும் 120க்கும் அருகே, ஒவ்வொன்றின் கீழும் கீழ்நோக்கிய அம்பு. எல்லை வரை தந்தும் விடையில்லை என்பதற்கு அதுவே குறி. எலும்புவழிக்கு [ குறிகள், அவற்றுக்கும் அம்பு. வகை உணர்நரம்பு, அளவு மிகக் கடுமையானது. முதல் தாளின் இரண்டு முடிவுகளும், வகையும் அளவும், ஒருசேரக் கவிழ்ந்தன.

அன்றிரவு ஆய்வாளர் ஈரோட்டிலிருந்த அம்மாவோடு பேசினார். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, கண்ணு. என் சங்கிலியக் கழுத்துல போட்டுப் படுக்க வெச்சிருந்தேன். வீக்கம் வத்தினதும் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சோம். ஒரு வாரம் எந்திரிச்சா தலை சுத்துதுன்னு அழுத” என்றார். பொன்னுக்கு வீங்கி ஒரு பக்கக் காக்ளியாவை முற்றாக அழித்துவிட்டுப் போவது மருத்துவம் நன்கறிந்த செய்தி. குழந்தைக்கு மறுகாது கேட்பதால் வீட்டில் யாரும் அறிவதில்லை. ஆயினும் ஆடியோகிராம் காரணத்தைச் சொல்வதில்லை. பழுது எங்கே, எவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிகிறது. ஒருபக்க உணர்நரம்புக் குறைபாட்டில் செவிநரம்பை அழுத்தும் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்பதால் பெரியவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதினார். கட்டி இல்லை. முதல் தாளின்படி நடந்திருந்தால் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. திறக்க வேண்டாத நடுச்செவியைத் திறந்து, நன்றாக அசையும் அங்கவடியைக் கண்டு, மூடியிருப்பார்கள்.

அறுவை விலக்கப்பட்டது. வலக்காதில் சாதாரணக் கேட்புக் கருவி வைப்பதிலும் பயனில்லை. பெருக்கிய ஒலியை வாங்கிக்கொள்ள அங்கே யாருமில்லை. வலப்பக்க ஒலியை ஒரு நுண்பேசியால் பிடித்து இடக்காதுக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி உண்டு. அதை இரண்டு வாரம் இரவல் வாங்கி அணிந்து பார்த்தார். கூட்டங்களில் உதவியது, உணவு விடுதியில் வலப்பக்க இரைச்சலையும் நல்ல காதுக்குள் கொண்டுவந்து கொட்டியது. திசையறியும் திறனை அது தரவில்லை. அதற்கு இரண்டு காதுகள் வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கலாமா என்று ஒரு தோழி கேட்டார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கேட்புக் குறைபாட்டை இரு காதுகளிலும் 60 டெசிபல் முதல் என்றுதான் வரையறுக்கிறது. ஒரு காது 5இலும் மறுகாது எல்லைக்கு வெளியேயும் இருப்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

குறில் நெடில் சோதனையில் முதல் கேட்பாளரின் தரவை அவரே நீக்கினார். சோதனையில் இரு காதுக்கும் ஒரே ஒலிதான் போயிற்று, வைத்துக்கொள்ளலாமே என்றார் நெறியாளர். தேர்வுவிதியில் இரு காதும் தேற வேண்டும் என்று எழுதியது தாமே என்று ஆய்வாளர் மறுத்துவிட்டார். கோப்பில் இரண்டு ஆடியோகிராம்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. நீல நிறத்தில் வரைந்த இடக்காதின் கோடு இரண்டிலும் ஒன்றே. முதல் தாளில் அதற்கு நேர்கீழே, அதே வளைவுகளோடு, சிவப்பில் இன்னொன்று ஓடுகிறது.